வீட்டு மக்காச்சோளம், வீட்டுக் கன்று: ஒரே இலாபம் இரண்டு முறை வருகிறதா?

களத்துமேடு | பிப்ரவரி 3, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பயிரும் மாடும் சேர்ந்த ஒரு பண்ணைக்குக் கணக்கு எழுதுகிறேன். சர்வதேசக் கணக்கியல் தரம் 41இன்படி, அறுவடையான மக்காச்சோளத்தை அறுவடை நேரத்து நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்துப் பதிந்தேன். சாகுபடிக்குச் செலவானதைவிட அது கூடுதல். எனவே ஒரு தானியத்தைக்கூட விற்காமலே இலாபம் வந்துவிட்டது. சரி, தரம் அப்படித்தான் சொல்கிறது.

அந்தச் சோளத்தில் ஒரு பகுதியை எங்கள் கன்றுகளே தின்றன. தின்று வளர்ந்தன. ஆண்டு முடிவில் கன்றுகளையும் நியாய மதிப்பில் எழுதினால் அங்கே இன்னொரு இலாபம். சோளம் களத்துக்கு வந்தபோது ஒரு முறை, கன்றின் உடம்பில் ஏறியபோது ஒரு முறை. முதலாளி என்னைப் பார்த்து, “ஒரே சோளத்தை எத்தனை முறை அறுப்பாய்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது இரட்டைக் கணக்கா, இல்லையா?

மூன்றாம்தாள் | பிப்ரவரி 3, இரவு

இரட்டைக் கணக்கேதான். சொந்தமாக விளைந்து சொந்த மாட்டுக்குப் போகும் தீவனத்தைச் சாகுபடிச் செலவில்தான் எழுத வேண்டும். விற்பனைக்கு வைத்ததை மட்டும் நியாய மதிப்பில் எழுதலாம். தேர்வுக்கு அப்படித்தான் படித்தேன்.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 4, காலை

தம்பி, தேர்வில் எழுதிவிடாதீர்கள். விற்பதற்கா, வீட்டு மாட்டுக்கா என்று தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. வளர்த்த உயிர்ச் சொத்திலிருந்து அறுத்த எல்லா விளைச்சலுக்கும் அறுவடை நேரத்தில் ஒரே அளவுகோல்தான். அந்த மதிப்பே அதற்குப் பிறகு கையிருப்பின் அடக்க விலை ஆகிறது. அங்கிருந்து அது கையிருப்புத் தரத்தின் வேலை.

களத்துமேடு, எண்களைப் போடுங்கள். எண் இல்லாமல் இரட்டைக் கணக்கைப் பற்றிப் பேசினால் பேச்சுதான் இரட்டிக்கும். விதைத்ததும் அறுத்ததும் ஒரே கணக்காண்டில்தானா என்பதையும் சொல்லுங்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 4, மதியம்

ஒரே ஆண்டுதான். எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதை, உரம், கூலி, அறுவடை எல்லாம் சேர்த்து 5,600. விளைச்சல் 43 டன். சந்தையில் டன் 200. அங்கே கொண்டுபோக வண்டிச் செலவு டன்னுக்கு 12, தரகும் சந்தைக் கட்டணமும் 8. ஆக நிகரம் 180. 43 டன்னுக்கு 7,740. இலாபம் 2,140.

அதில் 20 டன் அறுவடை வாரத்திலேயே விற்றாயிற்று, கையில் வந்த நிகரமும் அதே 180தான். 15 டன் கன்றுகளுக்குப் போனது. மீதி கிடங்கில்.

கன்றுகள் 20. ஆண்டுத் தொடக்கத்தில் தலைக்கு 200 கிலோ, மதிப்பு 570. ஆண்டு முடிவில் 400 கிலோ, மதிப்பு 1,040. இரண்டும் விற்பனைச் செலவைக் கழித்த மதிப்புகள். முதல் ஏழு மாதம் புல்லும் வைக்கோலும், கடைசி ஐந்து மாதம் கூடவே சோளமும். சோளம் தவிர மற்றச் செலவெல்லாம் 5,300.

மூன்றாம்தாள் | பிப்ரவரி 4, மதியம்

ஒரு திருத்தம். வண்டிச் செலவு விற்பனைச் செலவில் வராது. தரகு மட்டும்தான் கழிக்க வேண்டும். எனவே 192.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 4, மாலை

பாதி சரி, விடை தவறு. வண்டிச் செலவு விற்பனைச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் அது காணாமல் போய்விடாது. சோளம் பண்ணையில் கிடக்கிறது, விலை சந்தையில் இருக்கிறது. அந்த இடத்துக்குக் கொண்டுபோகும் செலவைக் கழித்த பிறகு வருவதுதான் நியாய மதிப்பு, அதாவது 188. அதிலிருந்து தரகையும் கட்டணத்தையும் கழித்தால் 180. வட்டியையும் வருமான வரியையும் விற்பனைச் செலவில் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் அதிகம் பார்த்த பிழை இதற்கு நேர்மாறானது. வியாபாரி பண்ணை வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் விலையை எழுதிக்கொண்டு, அதிலிருந்தும் வண்டிச் செலவைக் கழிப்பார்கள். அந்த வண்டி ஓடவே இல்லை.

ஒரு கேள்வி. 43 டன்னில் 20 போனது, 15 போனது. கிடங்கில் 8 டன் இருக்கிறதா?

களத்துமேடு | பிப்ரவரி 4, இரவு

இங்கேதான் என் மானம் போகிறது. கிடங்கில் 5 டன்தான் இருக்கிறது. 3 டன் குறைகிறது என்று ஆண்டு முடிவில் எண்ணியபோது தெரிந்தது. 540 நட்டம் என்று எழுதிவிட்டுக் கிடங்குக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவிக் கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தராசு | பிப்ரவரி 4, இரவு

அறுத்தபோது ஈரம் எவ்வளவு?

களத்துமேடு | பிப்ரவரி 5, காலை

கேட்டுவிட்டு வந்தேன். களத்தில் எடை போட்டபோது ஈரப்பதம் 20 சதவீதம். வெயிலில் காயவைத்துக் கிடங்கில் ஏற்றியபோது 14.

இப்போது எனக்கே புரிகிறது. ஆனாலும் யாராவது சொல்லுங்கள், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தராசு | பிப்ரவரி 5, காலை

43 டன்னில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். உலர்ந்த பொருள் 34.4 டன். அதில் 14 சதவீதம் ஈரம் இருக்கும்படி காய்ந்தால், 34.4ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும். சரியாக 40 டன். உங்கள் 3 டன்னை வெயில்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவரிடம் முதலில் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.

சந்தையில் சொல்லும் விலை காய்ந்த சோளத்துக்கு. ஈரச் சோளம் கொண்டுபோனால் நாங்கள் வாங்குவதில்லை, அல்லது எடையைக் குறைத்துத்தான் வாங்குவோம்.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 5, காலை

தராசு சொன்னதைக் கணக்கு மொழியில் சொல்கிறேன். அறுவடை நேரத்தில் அந்தப் பொருள் என்ன நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கான விலைதான் வேண்டும். அன்று கையில் இருந்தது ஈரச் சோளம். நீங்கள் எடையை ஈரத்தில் எடுத்தீர்கள், விலையைக் காய்ந்ததில் எடுத்தீர்கள். அதனால் முதலில் 540 பொய் இலாபம், பிறகு அதே 540 பொய்த் திருட்டு.

40 டன், 180, ஆக 7,200. அறுவடை இலாபம் 1,600. இயந்திரத்தில் காயவைத்திருந்தால் அதற்கான செலவையும் கழித்துத்தான் ஈரச் சோளத்தின் மதிப்பைக் கண்டிருக்க வேண்டும். பிறகு உலர்த்தும்போது அந்தச் செலவு கையிருப்பின் அடக்கத்தில் ஏறும். வெயிலில் காய்ந்ததால் தப்பித்தீர்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 5, மாலை

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “ஈரம் போனதுக்குச் சாட்சி வேண்டுமா, சூரியனைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். இந்த ஆண்டு முழுதும் இதைக் கேட்கப் போகிறேன் என்று தெரிகிறது.

கறவைக்காரி | பிப்ரவரி 6, காலை

என்னுடையது பால் பண்ணை. இவ்வளவு பேசுகிறீர்களே, என் கேள்விக்கு ஒரு வரி பதில் போதும். பசு எனக்கு இயந்திரம் மாதிரி. எட்டு ஆண்டு பால் கறக்கும், பிறகு போய்விடும். அதை வாங்கிய விலையில் வைத்து ஆண்டுதோறும் தேய்மானம் எழுதலாம் என்று, 2014இல் தரத்தைத் திருத்தியபோது வந்துவிட்டதாமே?

பழைய_தணிக்கை | பிப்ரவரி 6, காலை

அம்மா, அது செடிக்கும் மரத்துக்கும். ஆண்டுக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும், கடைசியில் பட்ட கட்டையாக விற்பதைத் தவிர வேறு விற்பனை இல்லாத தாவரத்தை நிலையான சொத்துத் தரத்துக்கு மாற்றினார்கள். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. கால்நடையை அதில் சேர்க்கவில்லை. பசு இன்றும் நியாய மதிப்பில்தான். வயதாகிப் பால் குறைந்தால் அந்த மதிப்பும் குறையும், அது அந்த ஆண்டின் நட்டத்தில் வரும். உங்கள் தேய்மானம் வேறு வேடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்திலிருக்கும் காய் மட்டும் அங்கேயே 41இல் தங்கிவிட்டது. மரம் ஒரு தரம், காய் ஒரு தரம்.

கறவைக்காரி | பிப்ரவரி 6, மதியம்

அப்படியானால் கன்று பிறந்த அன்றே இலாபமா? பிறந்த மூன்றாம் நாள் செத்துப்போனால்?

பழைய_தணிக்கை | பிப்ரவரி 6, மதியம்

பிறந்த அன்று இலாபம். செத்த அன்று நட்டம்.

கறவைக்காரி | பிப்ரவரி 6, மதியம்

இரண்டும் ஒரே மாதத்தில் என்றால் எனக்கு எழுத வேலை மட்டும் மிச்சம்.

களத்துமேடு | பிப்ரவரி 6, இரவு

என் கேள்விக்குத் திரும்புகிறேன். நேற்று இரவு இரண்டு தாள்களை அருகருகே வைத்து எழுதினேன்.

முதல் தாள், தரம் சொல்கிறபடி. பயிர்ப் பக்கம் அறுவடையில் 1,600 இலாபம். விற்ற 20 டன்னில் மேற்கொண்டு ஒன்றுமில்லை, ஏனெனில் 180க்கு ஏற்றி 180க்கு விற்றேன். கன்றுப் பக்கம் மதிப்பு உயர்வு தலைக்கு 470, இருபதுக்கு 9,400. தின்ற சோளம் 15 டன், டன் 180 வீதம் 2,700 செலவு. மற்றச் செலவு 5,300. மிச்சம் 1,400. பண்ணைக்கு மொத்தம் 3,000.

இரண்டாம் தாள், முதலாளி விரும்புகிறபடி, சோளத்தைச் சாகுபடிச் செலவில். டன்னுக்கு 140. விற்ற 20 டன்னில் டன்னுக்கு 40 வீதம் 800 இலாபம். கன்று தின்றது 15 டன், 140 வீதம் 2,100 செலவு. ஆகவே கன்றுப் பக்கம் 2,000. மொத்தம் 2,800.

வித்தியாசம் 200 மட்டும். அதைத் தேடிக்கொண்டு நடு இரவு வரை உட்கார்ந்திருந்தேன். கிடங்கில் கிடக்கும் 5 டன், டன்னுக்கு 40.

கன்று தின்ற சோளத்தில் வித்தியாசமே இல்லை! முதல் தாளில் பயிருக்கு 600 கூடுதல் இலாபம், கன்றுக்கு 600 கூடுதல் தீவனச் செலவு. நான் இலாபத்தைத்தான் இரண்டு இடத்தில் பார்த்தேன், கன்றுக்கு ஏறிய செலவைப் பார்க்கவில்லை.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 7, காலை

இதைத்தான் எதிர்பார்த்தேன். தின்று முடித்த சோளத்தில் எந்த வழியும் மொத்த இலாபத்தை மாற்றாது. இலாபம் யாருடையது என்பதை மட்டும் மாற்றும். உங்கள் முதலாளியின் தாளில் சோளம் விளைவித்த உழைப்பின் பலன் மாட்டுக் கொட்டகையின் பேரில் வருகிறது. கொட்டகை, சந்தையில் 180க்குப் போகக்கூடிய சோளத்தை 140க்குத் தின்றுகொண்டு, “பார், மாடு எவ்வளவு சம்பாதிக்கிறது” என்று காட்டிக்கொள்ளும்.

கிடங்கில் மீதமுள்ள 5 டன் மட்டும்தான் உண்மையான விவாதம். அதில் 200 இலாபம் விற்காமலே இருக்கிறது. அறுவடைக்குப் பின் விலை ஏறினாலும் அதைப் பொதுவாக மேலே ஏற்ற முடியாது, இறங்கினால் குறைத்தே ஆக வேண்டும். துறையில் நிலைபெற்ற வழக்கப்படி நிகர விற்பனை மதிப்பில் கையிருப்பை எழுதி வருபவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் பண்ணை அந்த வகை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

களத்துமேடு | பிப்ரவரி 7, மாலை

முதலாளியிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “அப்படியென்றால் மாடு 2,000 சம்பாதிக்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு மாடுகள்மேல் பாசம் அதிகம்.

மூன்றாம்தாள் | பிப்ரவரி 8, இரவு

ஏற்றுக்கொள்கிறேன், தீவனத்தில் நான் தவறு. கன்றுப் பக்கத்து 470ஐ வளர்ச்சி எவ்வளவு, விலை எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று தரம் ஊக்குவிக்கிறது, கட்டாயமில்லை. போட்டுப் பார்த்தேன்.

தொடக்கத்தில் 200 கிலோ 570 என்றால் கிலோ 2.85. ஆண்டு முடிவில் 200 கிலோக் கன்றின் விலை தெரிந்தால் விலை மாற்றம் கிடைக்கும். களத்துமேடு, அது எவ்வளவு?

களத்துமேடு | பிப்ரவரி 8, இரவு

ஆண்டு முடிவில் 200 கிலோக் கன்று 600. கிலோ 3.00.

மூன்றாம்தாள் | பிப்ரவரி 8, இரவு

விலை ஏற்றம் 200 கிலோவுக்கு 0.15 வீதம் 30. வளர்ச்சி 200 கிலோ, கிலோ 3.00 வீதம் 600. மொத்தம் 630.

ஆனால் உங்கள் உயர்வு 470தான். 160 இடிக்கிறது. 400 கிலோக் கன்று 1,040 என்றால் கிலோ 2.60தான் வருகிறது. கிலோவுக்கு 0.40 இறங்கியிருக்கிறது, 400 கிலோவுக்கு 160. ஆகவே வளர்ச்சி 600 இலாபம், விலைச் சரிவு நிகரமாக 130 நட்டம். சரிதானே?

தராசு | பிப்ரவரி 9, காலை

தம்பி, விலை சரியவில்லை. பெரிய மாட்டுக்குக் கிலோ விலை பெரும்பாலும் குறைவு. சின்னக் கன்றை வாங்குபவன் இன்னும் வளர்க்கலாம் என்று வாங்குகிறான், அந்த வளர்ச்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறான். வளர்ந்து முடிந்ததில் அந்த எதிர்பார்ப்பு இல்லை. அதற்குச் சந்தையைக் குறை சொல்லலாமா?

பழைய_தணிக்கை | பிப்ரவரி 9, மதியம்

தராசு சொன்னதுதான் பதில். கிலோவை மறந்துவிடுங்கள், மாட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த அதே 200 கிலோக் கன்று ஆண்டு முடிவுச் சந்தையில் 600. இதில் 30 விலை மாற்றம். ஆண்டு முடிவு விலையிலேயே 200 கிலோக் கன்று 600, 400 கிலோக் கன்று 1,040. இடையிலுள்ள 440 உடல் மாற்றம். 30ம் 440ம் சேர்ந்தால் 470. இடிக்காது.

இருபது கன்றுக்கு விலை 600, வளர்ச்சி 8,800. முதல் முறைப்படி போயிருந்தால் விலை ஏறிய ஆண்டில் “சந்தை சரிந்தது” என்று அறிக்கை எழுதியிருப்பீர்கள்.

ஒரு சொந்தக் கதை. ஒரு பண்ணையில் இப்படித்தான் கிலோக் கணக்கில் பிரித்து, மேலாளரின் ஊக்கத்தொகையை வளர்ச்சி இலாபத்தோடு கட்டிவிட்டார்கள். கிலோ ஏற ஏற ஊக்கத்தொகை. மாடுகள் விற்க வேண்டிய வயதைத் தாண்டிக் கொட்டகையில் நின்று தின்றுகொண்டே இருந்தன. பின்னால் போட்ட கிலோவுக்குத் தீவனச் செலவே திரும்பவில்லை. எழுத்தில் வளர்ச்சி இலாபம், கையில் தீவனக் கடன். அதை நான் பிடித்தது கணக்கைப் பார்த்து அல்ல, தீவனப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து.

களத்துமேடு | பிப்ரவரி 10, இரவு

இப்போது இன்னொரு சிக்கல், என்னிடமே ஒரு தடுமாற்றம். முதல் தாளில் தீவனத்தையும் மற்றச் செலவையும் நேராகச் செலவில் எழுதி, 9,400 முழுவதையும் மதிப்பு உயர்வு இலாபமாகக் காட்டினேன். எங்கள் தணிக்கையாளர் இன்று வந்து, அந்த 8,000ஐயும் கன்றின் ஏட்டு மதிப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றினால் இலாபமாக 1,400தான் நிற்கும். கடைசி வரி அதேதான். ஆனால் மேலே இருக்கும் எண் 9,400ஆ, 1,400ஆ?

மூன்றாம்தாள் | பிப்ரவரி 10, இரவு

நியாய மதிப்பில் இருக்கும் சொத்துக்குச் செலவை ஏற்ற முடியாது, நேராகச் செலவுதான்.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 11, காலை

ஏற்ற முடியாது என்று தரம் சொல்லவில்லை. ஏற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். நான் செலவில் எழுதுபவன். உடல் வளர்ச்சி 8,800 என்று பிரித்துக் காட்டிவிட்டு, அதே கன்றின் மதிப்பு உயர்வு 1,400 என்று இன்னொரு வரியில் காட்டினால் படிப்பவன் குழம்புவான்.

தராசு | பிப்ரவரி 11, மதியம்

எனக்கு 1,400தான் நேர்மையாகத் தெரிகிறது. தின்ன வைத்த செலவைக் கழிக்காமல் மாடு 9,400 தந்தது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 11, இரவு

இருவரும் சரி என்று படுகிறது, அதுதான் தொல்லை. சென்ற ஆண்டு செலவில் எழுதியதால் இந்த ஆண்டும் அப்படியே போகிறேன். தணிக்கையாளர் முகத்தைச் சுளித்தார், ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கறவைக்காரி | பிப்ரவரி 12, காலை

உங்கள் பேச்சைப் படித்துவிட்டு என் பாலையும் பார்த்தேன். கறந்த நிமிடமே அறுவடை என்றால் நியாய மதிப்பில் ஏறுகிறது. அதே நாள் விற்றுவிடுகிறேன். ஒரு நாள் இடைவெளிக்கு இரண்டு பதிவு எதற்கு என்று என் கணக்குப்பிள்ளை கேட்கிறார்.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 12, மதியம்

ஆண்டு முடிவு இரவில் தொட்டியில் எவ்வளவு பால் நிற்கிறது என்று பாருங்கள். அது சொற்பமானால் அவரை விட்டுவிடுங்கள், நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் வெண்ணெயோ பாலாடைக்கட்டியோ செய்து வைத்தால் அது அறுவடை இல்லை, அறுவடைக்குப் பின் நடந்த தயாரிப்பு. அதைப் பாலின் கறந்த நேர மதிப்பில் தொடங்கிச் செலவு சேர்த்துக் கையிருப்பாக எழுத வேண்டும். பலர் வெண்ணெயையும் நியாய மதிப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

தராசு | பிப்ரவரி 14, இரவு

களத்துமேடு, 400 கிலோ என்று எழுதினீர்கள். எப்போது எடை போட்டீர்கள்?

களத்துமேடு | பிப்ரவரி 15, காலை

ஆண்டின் கடைசி நாள் மதியம். ஏன்?

தராசு | பிப்ரவரி 15, காலை

தண்ணீர் குடித்த பிறகா?

களத்துமேடு | பிப்ரவரி 15, இரவு

உங்கள் இந்த வகைக் கேள்விக்குப் பயப்படத் தொடங்கிவிட்டேன்.

அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து கன்றுகளைத் தொட்டிக்கு ஓட்டிப்போய், குடித்து முடித்ததும் அப்படியே எடை மேடையில் ஏற்றினோம். அடங்கி நிற்கும் என்று தண்ணீர் காட்டினோம். சராசரி 412 வந்தது. பேரேட்டில் 412 என்றே எழுதினேன். மறுநாள் காலை, தீவனம் வைப்பதற்கு முன், கிடங்குக்காரர் தாமாகவே மறுபடி எடை போட்டிருக்கிறார். 400. அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்து, “இதுவும் திருடு போயிற்றா?” என்று கேட்டார். அதனால்தான் கணக்கில் 400.

தராசு | பிப்ரவரி 16, காலை

அவரை விட்டுவிடாதீர்கள். சந்தைக்கு மாடு வரும்போது வழியில் வயிறு இறங்கித்தான் வரும். நாங்கள் அந்த எடைக்குத்தான் விலை சொல்கிறோம். தண்ணீர் நிறைந்த எடையில் அந்த விலையைப் போட்டால் மாட்டுக்குப் பதில் தொட்டித் தண்ணீரை மதிப்பிட்டதாகும். ஈரச் சோளமும் நிறைந்த வயிறும் ஒரே வகை வம்பு.

களத்துமேடு | பிப்ரவரி 17, இரவு

இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன். இந்த ஆண்டு முடிவு எடை வெறும் வயிற்றில் 400. சரி. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 200? அது சென்ற ஆண்டு கடைசி நாள் மதியம், தண்ணீர் குடித்த பிறகு போட்ட எடை. பழைய சீட்டுக்கட்டைத் தேடி எடுத்துவிட்டேன், அதில் நேரம் போட்டிருக்கிறது. வெறும் வயிற்றில் 194 வாக்கில் இருந்திருக்கும்.

அப்படியானால் தொடக்க மதிப்பு 570 கொஞ்சம் அதிகம். இந்த ஆண்டு வளர்ச்சி 440 என்று காட்டியது கொஞ்சம் குறைவு. சென்ற ஆண்டுக் கணக்கைத் திருத்துவதா, அல்லது மதிப்பிடும் முறை மேம்பட்டது என்று இந்த ஆண்டிலேயே விட்டுவிடுவதா?

மூன்றாம்தாள் | பிப்ரவரி 17, இரவு

மதிப்பீட்டில் மாற்றம். இந்த ஆண்டிலேயே விடுங்கள்.

பழைய_தணிக்கை | பிப்ரவரி 18, காலை

அவசரப்படாதீர்கள். புதிதாகத் தெரியவந்த தகவலால் மதிப்பு மாறினால் அது மதிப்பீட்டில் மாற்றம். அன்றே கையில் இருந்த தகவலைச் சரியாகப் பயன்படுத்தாததால் மாறினால் அது பிழை. தண்ணீர் குடித்தது அன்றும் தெரியும், நேரமும் சீட்டில் இருக்கிறது. நான் பிழை என்பேன். ஆனால் 194 என்பது உங்கள் ஊகம். அன்று வெறும் வயிற்றில் யாரும் எடை போடவில்லை. தலைக்கு ஆறு கிலோ, கிலோ 2.85, இருபது கன்று. 342. உங்கள் 3,000 இலாபத்தில் இது சின்னத் தொகை இல்லை, பெரிதென்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் தணிக்கையாளரிடம் சீட்டைக் காட்டுங்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 20, மாலை

காட்டினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடுத்த வாரம் சொல்கிறேன்” என்றார். கிடங்குக்காரர் வெளியே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கவிட்டிருக்கிறார்: தண்ணீருக்கு முன் எடை, எடைக்குப் பின் தண்ணீர். கீழே ஈரப்பதம் குறிக்க ஒரு கட்டமும் வரைந்திருக்கிறார், மாட்டுக்கும் சேர்த்து.